மொத்த ஆர்டருக்கு விலைப்புள்ளிக் கடிதம்: பள்ளி நோட்டுப் புத்தகங்கள்

பள்ளிகளிடமிருந்து வரும் விசாரணை பெரும்பாலும் ஒரே வரிதான்: "எங்கள் பள்ளிப் பெயர் போட்டு பத்தாயிரம் நோட்டு வேண்டும், கொட்டேஷன் அனுப்புங்கள்." இதற்கு "192 பக்க நோட்டு 34 ரூபாய்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தப் பதில் பள்ளி அலுவலக மேசைக்குப் போனதும், 31 ரூபாய் என்று எழுதிய இன்னொருவரின் தாளுக்குப் பக்கத்தில் உட்காரும். அதன் பிறகு நீங்கள் என்ன விளக்கினாலும் விலையைக் குறைக்க மனமில்லாதவர் சொல்லும் சாக்காகத்தான் அது கேட்கும். விளக்கம் கடிதத்தில், விலைக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். எழுதுபவர் சிவகாசியில் நோட்டு தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தார். பெறுபவர் திண்டுக்கல்லில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். தொகைகள் உதாரணத்துக்காக வைத்தவை. காகித விலை நாளுக்கு நாள் மாறுவதால் அவற்றை அப்படியே எடுத்தாள வேண்டாம், கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு முன் விவரம்

நோட்டின் அடக்கவிலையில் பெரும்பங்கு உள்தாளுக்குப் போகிறது. அந்தத் தாளின் எடையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வெட்டிய பிறகான அளவு, பக்கங்களின் எண்ணிக்கை, ஜி.எஸ்.எம். எனப்படும் ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. இந்த மூன்றில் எதையாவது சொல்லாமல் விட்டால் விலை என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

24 × 18 செ.மீ. அளவில் 192 பக்க நோட்டு என்றால் உள்ளே 96 தாள். ஒரு தாளின் பரப்பு 0.0432 சதுர மீட்டர். 96 தாளுக்கு 4.147 சதுர மீட்டர். 58 ஜி.எஸ்.எம். தாள் போட்டால் உள்தாள் எடை 240 கிராமுக்குச் சற்று மேல். கிலோ 72 ரூபாய் என்று வைத்தால், வெட்டுக்கழிவு 5 சதவீதம் சேர்த்து, தாளுக்கு மட்டும் 18 ரூபாய் 20 காசு.

31 ரூபாய்க்காரர் எப்படித் தருகிறார் என்று இப்போது பார்க்கலாம். அவர் 54 ஜி.எஸ்.எம். தாள் போடுகிறார். அளவு 23.5 × 17.5. அட்டையின் நான்கு பக்கத்தையும் சேர்த்து 192 என்கிறார், ஆகவே உள்ளே 188 பக்கம், அதாவது 94 தாள். பெருக்கிப் பார்த்தால் 209 கிராம். நோட்டுக்கு சுமார் 32 கிராம் தாள் குறைகிறது. கழிவோடு சேர்த்து சுமார் 2 ரூபாய் 40 காசு தாளிலேயே மிச்சம். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு நோட்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கடிதத்தில் அளவும் ஜி.எஸ்.எம்.மும் எழுதவே இல்லை.

எனவே உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வகைக்கும் இவை இருக்கட்டும்: வெட்டிய அளவு, அட்டை நீங்கலாக எத்தனை பக்கம், உள்தாள் ஜி.எஸ்.எம்.; கோடு எந்த வகை; அட்டையின் ஜி.எஸ்.எம்., எத்தனை வண்ணம், லேமினேஷன் உண்டா. பின் அடித்ததா, தைத்ததா. "உயர்தரத் தாள்", "நல்ல கனமான அட்டை" போன்ற சொற்களுக்கு இங்கே வேலை இல்லை. ஆலைப் பெயரைச் சொல்லும்போதும் கவனம் தேவை. "டி.என்.பி.எல். தாள்" என்று எழுதினால் அதையேதான் கொடுக்க வேண்டும். "அல்லது அதற்கு இணையான தாள்" என்று சேர்த்தால் கூடவே ஜி.எஸ்.எம்.மையும் நிறத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதற்கு இணை என்ற கேள்வி வரும்.

கடிதத்தோடு ஒரு டம்மி நோட்டும் அனுப்புவது நல்லது. அட்டையில் அச்சு இல்லாவிட்டாலும் அதே தாள், அதே பக்கம், அதே பின். ஆர்டர் உறுதியானதும் அதே டம்மியில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்காரர் சோதித்துப் பார்க்க விரும்பினால் வழியும் சொல்லிக்கொடுங்கள்: 10 × 10 செ.மீ. சதுரமாகப் பத்துத் தாள் வெட்டி நகைக்கடைத் தராசில் வைத்தால், 58 ஜி.எஸ்.எம்.முக்கு 5.8 கிராம் காட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கும் வியாபாரியிடம் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை.

வரி வரி

2025 செப்டம்பர் 22 முதல் எழுது நோட்டுகள், கிராஃப் நோட்டுகள், ஆய்வக நோட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளும் கேட்கிற கேள்வி: "வரி போய்விட்டதே, விலை ஏன் அந்த அளவுக்குக் குறையவில்லை?"

காரணம் உள்வரி வரவு. முன்பு அட்டை, மை, பிளேட், பின் கம்பி வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. விற்பனைக்கு வரி இல்லை என்றானதும் கழிக்க இடம் இல்லை. நோட்டுக்கான உள்தாளுக்கும் வரிவிலக்கு இருப்பதால் பெரிய சுமை தப்பியது. ஆனால் அட்டையும் மையும் வரியோடுதான் வருகின்றன. ஒரு நோட்டில் இவற்றுக்கு 4 ரூபாய் போனால், 18 சதவீதக் கணக்கில் 72 காசு நம் தலையிலேயே நிற்கிறது. அது அடக்கவிலையில் ஏறத்தான் செய்யும். இந்தப் பாடத்தைக் கடிதத்தில் நடத்த வேண்டியதில்லை. "விலைகளில் மூலப்பொருள் மீதான வரிகள் அடங்கியுள்ளன, நோட்டுகளுக்குத் தனியே ஜி.எஸ்.டி. இல்லை" என்று ஒரு வாக்கியம் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோட்டோடு மாணவர் டைரியும் வருகைப் பதிவேடும் சேர்த்துக் கேட்பார்கள். டைரியும் பதிவேடும் அதே 4820 தலைப்பின் கீழ் வந்தாலும் அவற்றுக்கு 18 சதவீத வரி உண்டு. அவற்றை நோட்டு அட்டவணைக்குள் நுழைக்காமல் தனி விலைப்புள்ளியாக அனுப்புங்கள். ஒரே மொத்தத்தில் கலந்தால் பில் போடும் நாளில் கணக்கர் இரண்டையும் பிரிக்கத் திண்டாடுவார், தாளாளரோ "கடிதத்தில் வரி இல்லை என்றுதானே எழுதியிருந்தது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே இருக்கும்.

கடிதம்

(நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி, ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு எண்)

விலைப்புள்ளி எண்: 41 / 2025–26
நாள்: 09.02.2026

பெறுநர்
தாளாளர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்),
திண்டுக்கல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: 2026–27 கல்வியாண்டுக்குப் பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டுப் புத்தகங்கள் – விலைப்புள்ளி
பார்வை: தங்கள் 05.02.2026 நாளிட்ட கடிதம்

தாங்கள் கேட்டிருந்த நோட்டுகளுக்கான எங்கள் விலைகளைக் கீழே தந்துள்ளோம். எல்லா வகைக்கும் பொதுவான விவரம்: உள்தாள் 58 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாள், அட்டை 250 ஜி.எஸ்.எம்., வெளிப்பக்கம் நான்கு வண்ண அச்சு, பளபளப்பு லேமினேஷன்; உள்பக்கம் ஒரு வண்ணம்; நடுவில் இரண்டு கம்பிப் பின். பக்க எண்ணிக்கையில் அட்டை சேராது.

| வகை | விவரம் | எண்ணிக்கை | ஒன்றின் விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| அ | 24 × 18 செ.மீ., 192 பக்கம், ஒற்றைக் கோடு | 6,000 | 34.00 | 2,04,000 |
| ஆ | 24 × 18 செ.மீ., 96 பக்கம், நான்கு கோடு | 2,500 | 19.50 | 48,750 |
| இ | 29.7 × 21 செ.மீ., 192 பக்கம், ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெறுந்தாள் | 1,500 | 52.00 | 78,000 |
| | கூட்டுத்தொகை | 10,000 | | 3,30,750 |
| | தள்ளுபடி 4% | | | – 13,230 |
| | தள்ளுபடிக்குப் பின் | | | 3,17,520 |
| | அட்டை வடிவமைப்பு, பிளேட் (ஒரு முறை மட்டும்) | | | 3,000 |
| | திண்டுக்கல் பள்ளி வளாகம் வரை வண்டி வாடகை | | | 7,500 |
| | மொத்தம் | | | 3,28,020 |

(மூன்று லட்சத்து இருபத்தெட்டாயிரத்து இருபது ரூபாய் மட்டும்)

1. விலைகளில் மூலப்பொருள் மீதான வரிகள் அடங்கியுள்ளன. நோட்டுகளுக்கு இன்றைய நிலையில் ஜி.எஸ்.டி. இல்லை.

2. தள்ளுபடி மேற்கண்ட எண்ணிக்கைக்கு உரியது. எந்த ஒரு வகையிலும் எண்ணிக்கை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த வகையின் விலையும் தள்ளுபடியும் மறுபடி கணக்கிடப்படும்.

3. அட்டை மாதிரிக்குத் தங்கள் எழுத்து மூலமான ஒப்புதல், முன்பணம் ஆகிய இரண்டில் எது பிந்தி வருகிறதோ, அந்த நாளிலிருந்து 35 நாட்களுக்குள் ஒரே லோடாக அனுப்பிவைப்போம்.

4. 20 நோட்டுகளுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டின் மீதும் வகை எழுதியிருக்கும். மொத்தம் 500 கட்டுகள். தரைத்தளத்தில் இறக்கித் தருவது எங்கள் பொறுப்பு. மாடிக்கு ஏற்றும் கூலி இதில் சேராது.

5. எண்ணிக்கைக் குறைவு இறக்கும்போதே வண்டிச் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். பின் விடுபட்டது, தாள் மாறியது போன்ற குறையுள்ள நோட்டுகளை 30 நாட்களுக்குள் தெரிவித்தால் மாற்றித் தருவோம்.

6. பணம்: ஆர்டருடன் 40% (ரூ. 1,31,208), நோட்டுகள் வந்து இறங்கிய நாளில் 50% (ரூ. 1,64,010), அதிலிருந்து 15 நாட்களுக்குள் 10% (ரூ. 32,802).

7. இந்த விலைப்புள்ளி 24.02.2026 மாலை வரை செல்லும்.

வகைக்கு ஒன்றாக மூன்று டம்மி நோட்டுகளை இணைத்துள்ளோம். தங்கள் ஆர்டரை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், பொறுப்பு, நிறுவன முத்திரை)

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது

அட்டவணையில் தள்ளுபடி, கூட்டுத்தொகைக்குக் கீழேயும் பிளேட் செலவுக்கும் வண்டி வாடகைக்கும் மேலேயும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாடகை லாரிக்காரருக்குப் போகிற பணம், அதில் தள்ளுபடி கொடுத்தால் நம் கையிலிருந்து போகும். தள்ளுபடி வரியை ஆகக் கீழே, மொத்தத்துக்கு அடுத்துப் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் 420 ரூபாய் கூடுதலாகப் போகும். சிறு தொகைதான், ஆனால் தூரத்து ஊருக்கு வாடகை இருபதாயிரம் ஆகும்போது இந்தப் பழக்கம் வலிக்கும்.

இரண்டாவது நிபந்தனை ஏன் "மொத்த எண்ணிக்கை" என்று சொல்லாமல் "எந்த ஒரு வகையிலும்" என்கிறது? அச்சுத் தொழிலில் எண்ணிக்கை கூடும்போது விலை குறையக் காரணம், ஒவ்வொரு வகைக்கும் ஆகும் தொடக்கச் செலவு பலவற்றின் மேல் பரவுவதுதான். கோடு மாற்ற ரூலிங் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், அட்டை அச்சில் நிறம் சரியாக வரும்வரை சில தாள்கள் வீணாகும், கட்டிங்கில் அளவு மாற்ற வேண்டும். ஒரு வகைக்கு இந்தச் செலவு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 'இ' வகை 1,500 என்றால் நோட்டுக்கு 2 ரூபாய். தாளாளர் பின்னால் யோசித்து, "இந்த வகை 300 போதும், ஒற்றைக் கோடு 7,200 ஆக்கிக்கொள்ளுங்கள்" என்றால் மொத்தம் அதே பத்தாயிரம்தான். ஆனால் 'இ' வகையில் நோட்டுக்குத் தொடக்கச் செலவு 10 ரூபாய் ஆகிவிடும். 52 ரூபாய் நோட்டில் 8 ரூபாய் ஏறுவதை எந்த லாபமும் தாங்காது. மொத்தத்தை வைத்துத் தள்ளுபடி சொல்லியிருந்தால் மறுபேச்சுப் பேச வழியில்லை.

இதே காரணத்தால் பள்ளிக்கு நன்மையாகவும் ஒன்று சொல்லலாம். 'அ'வும் 'ஆ'வும் ஒரே அளவு. இரண்டுக்கும் ஒரே அட்டையை வைத்துக்கொண்டால் ஒரே பிளேட் செட்டில் 8,500 அட்டை ஓடிவிடும். வகுப்புக்கு ஒரு நிறம் என்று கேட்கிற பள்ளிகளுக்கு இதைத் தொலைபேசியிலேயே விளக்கிவிடுங்கள். ஒவ்வொரு நிற மாற்றமும் மறுபடி ஒரு தொடக்கச் செலவு.

உடனடிப் பணத்துக்குத் தள்ளுபடி தர விரும்பினால் அதை இந்த 4 சதவீதத்தோடு கலக்காதீர்கள். எண்ணிக்கைக்கான தள்ளுபடி ஆர்டர் வந்ததுமே உறுதியாகிவிடுகிறது. பணத்துக்கான தள்ளுபடி பணம் வந்தால்தான் உண்டு. "முழுத்தொகையும் ஆர்டருடன் வந்தால் மேலும் 1%" என்று தனி நிபந்தனையாக எழுதலாம். கலந்து 5 சதவீதம் என்று எழுதிவிட்டால், மூன்று மாதம் கழித்துப் பணம் தருபவரும் 5 சதவீதம் கழித்துத்தான் தருவார்.

நாள் எப்போது தொடங்குகிறது

டெலிவரித் தகராறுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை அட்டை புரூஃபில் தொடங்குகின்றன. ஆர்டர் பிப்ரவரியில் வந்துவிடும். புரூஃப் அனுப்பினால் அது தலைமையாசிரியர், தாளாளர், அறக்கட்டளை உறுப்பினர் என்று சுற்றி, சின்னத்தின் நிறம் சரியில்லை, தொலைபேசி எண் மாறிவிட்டது என்று இரண்டு முறை திரும்பி வந்து ஏப்ரலில் ஒப்புதல் ஆகும். அதற்குள் தாளாளரின் மனக்கணக்கில் ஆர்டர் கொடுத்து இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு இல்லையென்றால் குற்றம் நம் மேல்தான். அதனால்தான் கடிதத்தில் "ஆர்டர் தேதியிலிருந்து" என்று எழுதாமல், ஒப்புதலும் முன்பணமும் வந்த நாளைத் தொடக்கமாக வைத்தோம். ஒப்புதலை வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் போதும். "ஓகே" என்ற ஒற்றைச் சொல்லாக இல்லாமல், புரூஃப் படத்தோடு சேர்த்து "இதையே அச்சிடலாம்" என்று எழுதி வாங்குங்கள்.

வண்டி வாடகை சொல்வதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். 'அ' வகை அட்டையோடு சுமார் 262 கிராம், 'ஆ' 142, 'இ' 378. எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் இரண்டரை டன் அளவில் நிற்கும். ஒரு சிறு லாரி மதுரை வழியாக ஒரே நடையில் முடித்துவிடும். எடை பார்க்காமல் "டெலிவரி இலவசம்" என்று எழுதியவர்கள், பாதி நோட்டை முதலில் கேட்கும் பள்ளியிடம் மாட்டிக்கொண்டு இரண்டு நடை வாடகை கொடுப்பார்கள். "ஒரே லோடாக" என்ற இரு சொல் அதற்காகத்தான்.

500 கட்டையும் இறக்குவது லேசான வேலை இல்லை. வண்டியோடு இரண்டு ஆள் போக வேண்டும். மாடியில் ஸ்டோர் ரூம் வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய. தரைத்தளம் என்று எழுதாவிட்டால் உங்கள் ஆட்கள் மூன்றாவது மாடி வரை சுமப்பார்கள், அல்லது சுமக்க மறுத்து வாசலிலேயே வாக்குவாதம் நடக்கும்.

கெடு

பதினைந்து நாள் கெடு, காகித விலைக்காக. ஆர்டர் கிடைக்கும் முன்பே தாளை வாங்கி வைக்கும் அளவுக்குச் சிறு நிறுவனங்களிடம் பணம் இருக்காது. கெடு குறிக்காத விலைப்புள்ளியை மே மாதத்தில் எடுத்து வந்து "இந்த விலைக்குத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அளவு, விலை, நாள் எல்லாம் திட்டமாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அது ஒப்பந்தமாகிவிடக்கூடும். பின்னர் "காகிதம் ஏறிவிட்டது" என்பது நம் கவலை, அவர்களுடையது அல்ல. "விலை மாற்றத்துக்கு உட்பட்டது" என்று பொதுவாக எழுதித் தப்பிக்கப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு மேலே உள்ள எந்த எண்ணிலும் நம்பிக்கை வராது. குறுகிய கெடு கொடுத்து, கெடுவுக்குள் சொன்ன விலையில் நிற்பதே நல்லது.

தலைப்பில் உத்யம் பதிவு எண்ணைப் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டிய கெடு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளைத் தாண்டக்கூடாது. பள்ளியிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எண் இருந்தால் அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

அனுப்பிய பின் எண்ணிக்கையோ வகையோ மாறினால் பழைய கடிதத்தில் பேனாவால் திருத்தி அனுப்பாதீர்கள். 41/அ என்று புதிய எண், புதிய நாள், புதிய கெடு போட்டு, முதல் வரியிலேயே "எங்கள் 09.02.2026 நாளிட்ட 41-ஆம் எண் விலைப்புள்ளி இதனால் ரத்தாகிறது" என்று எழுதுங்கள். பள்ளிக் கோப்பில் இரண்டு தாளும் இருக்கும். பணம் அனுப்பும் எழுத்தர், தேடாமல் கையில் கிடைத்ததை எடுப்பார்.